சிக்னலில் வண்டி ஆஃப் ஆனால்: டிரைவிங் பயிற்சியாளரிடம் சில கேள்விகள்

கோவையிலிருந்து, புது லைசென்ஸ்காரர்: அண்ணே, காந்திபுரத்துல பச்சை விழுந்ததும் வண்டி ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி பஸ்காரர் ஹாரன். அவசரமா ஸ்டார்ட் பண்ணினேன், மறுபடியும் ஆஃப். என்ன வரிசையில செய்யணும்?

சாவிக்கு அப்புறம் வரலாம், முதலில் கால்கள். வலது கால் பிரேக்கில் அழுத்தமாக, இடது கால் கிளட்சில் அடிவரை. பிரேக்கை மிதித்தாலே பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துவிடும், வண்டியும் உருளாது. அடுத்து கியர் நியூட்ரலுக்கு. குச்சியை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், தளர்வாக ஆடினால் நியூட்ரல்தான். பிறகு சாவியை ஆஃப் வரை பின்னுக்குக் கொண்டுவந்துவிட்டுத் திருப்புங்கள். பல கார்களில் அப்படிச் செய்யாவிட்டால் செல்ஃப் இரண்டாம் முறை அடிக்காது. சாவி பாதியில் மாட்டிக்கொண்டதென்று பயந்து முறுக்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அதே இடத்தில் இரண்டாவது தடவையும் ஆஃப் ஆனால் எனக்கு முதலில் கியர் மேல்தான் சந்தேகம் வரும். ஓடிவந்த தேர்டிலேயே சிக்னலில் நின்றிருப்பீர்கள், அல்லது ஃபர்ஸ்ட் என்று நினைத்துத் தேர்டில் போட்டிருப்பீர்கள். இரண்டுமே முன்பக்கம் தள்ளுவதுதான், அவசரத்தில் கைக்கு வித்தியாசம் தெரியாது. குச்சியை நன்றாக இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் மேலே தள்ளுங்கள். கிளட்சை விடும்போது இன்ஜின் சத்தம் கனத்து, பானெட் லேசாக எழும்பும். அந்த இடத்தில் காலை அப்படியே பிடித்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, நகர ஆரம்பித்த பிறகு மிச்சத்தை விடுங்கள். ஏசி ஓடினால் ஆக்சிலரேட்டர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

மதுரை வாசகர்: ஹசார்டு லைட்டை உடனே போடணும் சார். நான் ஜங்ஷன்ல நேரா போறப்பகூட எப்பவும் போட்டுத்தான் போவேன்.

முதல் பாதிக்கு வருகிறேன், இரண்டாம் பாதியை இன்றோடு விட்டுவிடுங்கள். நான்கும் மினுங்கினால் 'நின்றுவிட்டேன்' என்றுதான் அர்த்தம். உங்கள் வண்டியின் ஒரு பக்கம் மட்டும் கண்ணில் படுகிறவர், நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவதாக நினைப்பார்.

ஆஃப் ஆனவுடன் போடுவது பற்றி என் பழக்கம் இது: முதல் முயற்சிக்குப் பிரேக் லைட் போதும், அதிலும் ஓடாவிட்டால் சிவப்பு முக்கோணப் பட்டனை அழுத்துவேன். வலது பக்கம் திரும்பும்போது ஜங்ஷன் நடுவில் நின்றுவிட்டீர்கள் என்று வையுங்கள். ஹசார்டு போட்டால் உங்கள் வலது இண்டிகேட்டர் அதில் மறைந்துபோகும். எதிரே வருகிறவர் வழிவிடுவதா, போவதா என்று குழம்புவார். வண்டி ஓடியதும் அதை அணைத்து, இண்டிகேட்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

சென்னை, டாக்ஸி ஓட்டுநர்: ராத்திரி மழையில நீங்க சொல்ற மாதிரி காத்திருந்தா பின்னாடி வர்ற லாரிக்காரன் ஏத்திடுவான் அண்ணே. நான் உடனே போடுற கட்சி.

இருட்டு, மழை, மேம்பாலம் இறங்கும் இடம் என்றால் உங்கள் கட்சிக்கே நானும் வருகிறேன். பகலில் சிவப்பு விழுந்து எல்லாரும் நிற்கும் இடத்தில் என் கட்சி. மற்றபடி இதில் ஆளுக்கொரு பழக்கம் உண்டு.

திருப்பூர் வாசகி: என் புது கார் ஒவ்வொரு சிக்னல்லயும் தானா ஆஃப் ஆகுது. சர்வீஸ் விடணுமா?

நியூட்ரலில் போட்டுக் கிளட்சை விட்ட பிறகுதான் அணைகிறதா? அப்படியென்றால் அது பெட்ரோல் மிச்சப்படுத்தும் ஆட்டோ ஸ்டாப் வசதி, கோளாறு இல்லை. கிளட்சை மிதித்தால் தானாக ஓடும். பிடிக்காவிட்டால் A எழுத்தைச் சுற்றி அம்புக்குறி போட்ட பட்டனில் நிறுத்தி வைக்கலாம். கிளட்சை விட்டு நகரும்போது குலுங்கி அணைந்தால் மட்டும் மேலே சொன்ன கதை.

சேலம் வாசகர்: ஸ்டார்ட்டே ஆகலைன்னா? ஏத்தத்துல வேற நிக்குறேன்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஹசார்டைப் போடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் மெத்தென்று இருக்கும், அப்புறம் கட்டையாகிவிடும். அதனால் பம்ப் பண்ணாமல் ஒரே மிதியில் பிடித்திருங்கள். செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்க வேண்டாம், விட்டுவிட்டு அடியுங்கள்.

இரண்டு மூன்று முறை அடித்தும் ஓடவில்லையென்றால் தள்ளத்தான் வேண்டும். ஏற்றத்தில் தனியாக முயல வேண்டாம், ஆள் சேரும்வரை ஹேண்ட் பிரேக்கை இறக்காதீர்கள். தள்ளும்போது ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்க, கியர் நியூட்ரலில், சாவி ஆனில் இருக்கட்டும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். டிக்கியைத் தூக்கி வைத்தால் வண்டி நின்றுவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரியும், பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு ஒதுங்கிப் போவார். இறங்குவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள், டூவீலர்கள் சந்து கிடைத்தால் நுழைவார்கள்.

கடலூர் வாசகர்: மழைத் தண்ணிக்குள்ள ஆஃப் ஆனாலும் இதே வழிதானா?

இல்லை. தண்ணீருக்குள் அணைந்தால் சாவியைத் தொடவே வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே செல்ஃபில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.