'ஒபாசான்' நாவலில் யாருமே வாய் திறக்காதது ஏன்?

"ஜாய் கொகாவாவின் 'ஒபாசான்' பாதி தாண்டிவிட்டேன். அத்தை பேசுவதே இல்லை, மாமாவும் மழுப்புகிறார். போர் நாவல் என்றார்கள், போர் எங்கே?"

முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்த் தேதியைப் பாருங்கள்: 1972 ஆகஸ்ட் 9. 1945இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த அதே நாள். ஆண்டுதோறும் அந்த நாட்களில் மாமா, கதை சொல்லும் நவோமியைப் புல்வெளிக்குக் கூட்டிப் போகிறார். ஏன் என்று கேட்டால், நீ இன்னும் சின்னப் பிள்ளை என்கிற மாதிரிதான் பதில். அப்போது அவள் முப்பது வயது தாண்டிய பள்ளி ஆசிரியை!

போர் அங்கேதான் இருக்கிறது. அது ஒரு நினைவு நாள். யாருக்காக என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

(இனி வருவது முடிவைச் சொல்லிவிடும். வேண்டாமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

1941இல் ஜப்பானுக்குப் போன நவோமியின் அம்மா நாகசாகியில் சிக்கி முகம் சிதைந்து போகிறாள். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்பது அவளுடைய வேண்டுகோள். 'கொடோமோ நோ தாமே', அதாவது பிள்ளைகளின் நன்மைக்காக. பாட்டியின் கடிதம் வீட்டிலேயே கிடக்கிறது, ஆனால் ஜப்பானிய மொழியில். நவோமியால் அதைப் படிக்க முடியாது. ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகப் போர்க்காலத்தில் கனடா அரசு அவர்களை வீட்டைவிட்டுத் துரத்திய கதையைவிட, எனக்கு இந்தக் கடிதம்தான் அதிகம் வலித்தது.

மறைத்ததால் பிள்ளைகள் தப்பினார்களா? அம்மா ஏன் திரும்பி வரவில்லை என்ற கேள்வியோடுதான் நவோமி வளர்கிறாள். அண்ணன் ஸ்டீபனோ ஜப்பானிய வாடையே ஆகாமல் வீட்டைவிட்டு விலகிப் போகிறான். ஒரே மௌனம், இரண்டு விதமான காயம்.

அப்புறம், எமிலி சித்தி அனுப்பும் காகிதக் கட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவ்வளவு பேசும் அவளும் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை.