கோடுகள் நிறைந்திருந்தும் அழைப்பு போகாதது ஏன்?

"தீபாவளிக்கு முந்தைய வாரம் பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி முழுக் கோடுகள் காட்டுகிறது, அழைப்போ போவதில்லை. இன்னொரு கோபுரம் வைத்தால் தீருமா?"

தீரும், ஆனால் அதன் வீச்சு சிறியதாக இருக்க வேண்டும். கோடுகள் அலையின் வலிமையைத்தான் காட்டும், காலியிடத்தை அல்ல. நாசி கண்டார் கடையில் விளக்கெல்லாம் எரிந்தாலும் மேசை கிடைக்காத கதைதான்.

பழைய 2ஜி கணக்கு எளிது. ஒரு நிறுவனத்திடம் அழைப்புகளைச் சுமக்க 84 அலைவரிசைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கோபுரம் கவனிக்கும் பகுதியே ஒரு செல். பக்கத்துச் செல்கள் ஒரே அலைவரிசையில் இயங்கினால் குறுக்கீடு வரும். எனவே 7 செல்களைக் கொத்தாக்கி, செல்லுக்கு 12 தருவார்கள். அடுத்த கொத்தில் அதே 84 மீண்டும் வரும். கொத்தை 4 செல்லாக்கினால் செல்லுக்கு 21 கிடைக்கும். ஆனால் ஒரே அலைவரிசைச் செல்களின் தூரம், ஆரத்தின் 4.6 மடங்கிலிருந்து 3.5 மடங்காகக் குறையும், குறுக்கீடு கூடும்.

செல்லைப் பிளப்பதே எனக்குப் பிடித்த வழி. ஆரம் பாதியானால் பரப்பு கால்பங்காகும். ஒரு செல் இருந்த இடத்தில் நான்கு, செல்லுக்கு 12 வீதம் ஆக 48 அலைவரிசைகள். நகரத்தில் ஒலிபரப்புத் திறனையும் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காக்க வேண்டும். அதை மறந்தால் கோடுகள் நிறைந்திருக்கும், குறுக்கீட்டால் குரல் மட்டும் உடைந்து உடைந்து கேட்கும்.