யாருக்கும் தெரியாமல் முடிந்த காதலுக்கு யாரிடம் அழுவது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 31 வயது. அண்ணனின் நண்பர் ஒருவரை ஐந்தாறு வருடமாகக் காதலித்தேன். இரண்டு வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் ஒருவரிடமும் சொல்லவில்லை. மெசேஜ்களை அன்றன்றைக்கே அழித்துவிடுவோம். சேர்ந்து ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. சில மாதங்களுக்கு முன், வீட்டில் பார்த்த பெண்ணுக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். அதோடு முடிந்தது. இப்போது அவருடைய கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. எல்லோரும் போகணும் என்கிறார் அம்மா. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் தலைவலி என்கிறேன். இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்றுகூடச் சில நேரம் சந்தேகம் வருகிறது. அவரிடமே ஒருமுறை பேசிவிட்டால் பாரம் குறையும்போல் இருக்கிறது. பேசலாமா? கல்யாணத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழி,

அவரிடம் இப்போதைக்குப் பேச வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பிரிந்தவரிடம் பேசத் துடிப்பது எல்லோருக்கும் வருவதுதான். ரகசியமாக இருந்த உறவில் மட்டும் அந்தத் துடிப்பு இரட்டிப்பாகிறது. அவர் மேல் உள்ள ஏக்கம் ஒரு பக்கம். நடந்தது தெரிந்த ஒரே ஆளும் அவர்தான் என்பது இன்னொரு பக்கம். அடித்தவரிடமே போய் வலிக்கிறது என்று சொல்லவேண்டிய நிலை. உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அவரா, இல்லை “ஆமாம், இது உனக்கு நடந்தது” என்று சொல்ல ஒருவரா? இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு. அதை அவர் தர மாட்டார். கல்யாணத்துக்குத் தயாராகும் ஒருவர் பழையதைச் சின்னதாக்கித்தான் பேசுவார். “நமக்குள்ளே அப்படி என்ன பெரிசா?” என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், ஏற்கெனவே உங்களை அரிக்கும் சந்தேகம் இன்னும் ஆழமாகப் போய்விடும்.

வெளியே காட்டிக்கொள்ள முடியாத, மற்றவர்கள் ஆறுதல் சொல்ல வழியில்லாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் ஒரு நூலே கொண்டுவந்தார். அங்கீகரிக்கப்படாத துக்கம் என்று அதைச் சொல்லலாம். அவர் கவனித்ததில் உங்களுக்குப் பொருந்துவது இது: இந்தத் துக்கம் நீள்வதற்குக் காரணம் இழப்பின் அளவு இல்லை. துக்கத்தை ஆற்றும் மற்ற மனிதர்கள் பக்கத்தில் இல்லாததால்தான் நீள்கிறது. ஊரறிந்த உறவு முறிந்தால் நாலு பேர் வந்து பேசுவார்கள், திட்டுவார்கள், சாப்பிடச் சொல்வார்கள். உங்களுக்கு அது எதுவுமே நடக்கவில்லை. அதற்கு மேல், முகம் வாடாமல் வைத்துக்கொள்வதே தினமும் ஒரு வேலையாகிவிட்டது. பாதி களைப்பு அதனால் வருவது.

ஆகவே முதல் வேலை, விஷயம் தெரிந்த இன்னொரு ஆளை உண்டாக்குவது. அண்ணன், அம்மா, இரு வீட்டுக்கும் பொதுவான சொந்தங்கள் இப்போது வேண்டாம். உங்கள் குடும்பத்தையும் அவரையும் அறியாத ஒரு தோழியாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் பாருங்கள்: அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் கொண்டுவந்து கொட்டியவர் என்றால், உங்களுடையதையும் வேறு எங்கோ கொட்டுவார்.

சொல்லும்போதும் முழுக்கதையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். “எனக்கு ரொம்ப நெருக்கமா இருந்த ஒருத்தரோட உறவு முடிஞ்சுபோச்சு. யாருன்னு கேட்காதே. கொஞ்ச நேரம் என்கூட இரு” – முதல் தடவைக்கு இது போதும். பெயர் தெரியாமலே ஒருவரால் உங்கள் துக்கத்தைக் கேட்க முடியும். “யாரு, யாரு” என்று துளைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவர் சரியான ஆள் இல்லை. பேசாமல் உட்கார்ந்து கேட்டு, ஒரு வாரம் கழித்து “எப்படி இருக்கே?” என்று விசாரித்தால், அடுத்ததைச் சொல்லலாம். அப்படி யாரும் இல்லையென்றால் மனநல ஆலோசகரிடம் போங்கள். நீங்கள் பேசுவது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு. அவை என்னென்ன என்று முதல் நாளே அவரிடம் கேட்டுவிடலாம்.

அடுத்து, நிஜமாக நடந்ததா என்ற சந்தேகம். இது உங்கள் மனக்கோளாறு இல்லை. நினைவு நிலைக்க, திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுவது பெரிய துணை. உங்களுக்கு எடுத்துப் பார்க்கப் படமும் இல்லை, பேச ஆளும் இல்லை. அதனால் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மனதை வதைத்த விஷயங்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் பெரும்பாலும் சிறிதாகவே தெரிந்தது. மந்திரம் எதுவும் இல்லை, ஆனால் உங்கள் நிலைக்கு ஏற்ற வழி என்று நினைக்கிறேன்.

அவருக்கு எழுதும் கடிதமாக இது வேண்டாம். அனுப்பும் ஆசை வந்துவிடும். எப்படித் தொடங்கியது, எங்கே சந்தித்தீர்கள், அவர் சொன்னது என்ன, கடைசி நாளில் என்ன நடந்தது என்று வரிசையாக, உங்களுக்காகவே எழுதுங்கள். மூன்றாம் நாளும் “ஏன் இப்படிச் செய்தார்?” என்ற வரியிலேயே சுற்றினால் அது ஆறுவதற்கான வழி இல்லை. பேனாவை வைத்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டாலும் சரி, பத்திரமாக வைத்தாலும் சரி. வீட்டில் மற்றவர்கள் எடுக்கும் போனில் மட்டும் எழுத வேண்டாம்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நாளின் பெரும்பகுதி எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அப்போது ரகசியத்தைக் காப்பது முக்கியமில்லை, வீட்டில் இருப்பவர்களானாலும் சரி.

கல்யாணத்துக்குப் போக வேண்டாம். வேலை இருக்கிறது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் கேள்வி வரும். அன்றைக்கு வீட்டில் தனியாகவும் இருக்காதீர்கள், அந்தத் தோழியோடு இருங்கள். என் அனுபவத்தில் கல்யாண நாளைவிடக் கடினமானது, அவர் மனைவியோடு உங்கள் வீட்டுக்கு முதல்முறை வரும் நாள். அண்ணனின் நண்பர் என்பதால் அது வந்தே தீரும், சொல்லாமல்கூட வரலாம். அன்று வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, பத்து நிமிடத்தில் வெளியே கிளம்ப ஒரு காரணத்தை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பியதும் யாருக்கு போன் செய்வது என்பதையும் முடிவு செய்து, அந்த ஆளிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.