கேள்வி–பதில்: ஒரு காது மட்டும் கேட்காதவர்கள் எந்தக் கருவியை வாங்கலாம்?

சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததிலிருந்து இடது காது கேட்காது. வலது காது நன்றாக இருக்கிறது. கடையில் பரிசோதித்து, ‘இடது காதில் 60 டெசிபல் இழப்புதான்’ என்று 48,000 ரூபாய்க்குக் கருவி விற்றார்கள். போட்டால் ஏதோ இரைச்சல் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. ‘பழகினால் சரியாகும்’ என்கிறார்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. – வாசகர், திண்டுக்கல்

உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. இந்த ஏமாற்று எனக்குத் தொடர்ந்து கடிதங்களில் வருகிறது; அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேட்காத காதில் ஹெட்ஃபோனை வைத்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஏறத்தாழ 40 முதல் 60 டெசிபலுக்குள் அந்தச் சத்தம் மண்டையோட்டின் வழியாக அதிர்ந்து நல்ல காதை எட்டிவிடும். நீங்களும் ‘கேட்கிறது’ என்று நேர்மையாகத்தான் கையைத் தூக்குவீர்கள். ஆனால் கேட்டது வலது காது. அதை இடது காதின் கணக்கில் எழுதினால், முற்றிலும் செயலிழந்த காதுகூடக் காகிதத்தில் ‘ஓரளவு இழப்பு’ உள்ள காதாகிவிடும். கருவி விற்பதற்கு அது போதும்.

இதைத் தடுக்கும் வழி ஒவ்வோர் ஆடியாலஜிஸ்டும் முதலில் படிப்பது. கெட்ட காதைச் சோதிக்கும்போது நல்ல காதில் ‘உஸ்’ என்ற இரைச்சலை ஓடவிட்டு அதை வேறு எதையும் கேட்கவிடாமல் செய்ய வேண்டும். மாஸ்கிங் என்பது இதுதான். அது நடந்ததா என்பதை, பரிசோதனை முடிவைக் குறித்துத் தரும் வரைபடமான உங்கள் ஆடியோகிராமே சொல்லும். இடது காதுக்குப் பெருக்கல் குறி மட்டும் போட்டிருந்தால் மாஸ்கிங் செய்யவில்லை என்று பொருள். செய்திருந்தால் சிறு சதுரம் இருக்கும். வலது காதாக இருந்தால் வட்டத்துக்குப் பதில் முக்கோணம். மிக உரத்த சத்தத்துக்கும் பதில் இல்லையென்றால் குறியிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு வரைவார்கள்.

ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் மாஸ்கிங்கோடு மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பேச்சுச் சோதனையையும் அதே முறையில் கேளுங்கள். அதில் இடது காது ஒரு சொல்லையும் பிடிக்கவில்லை என்றால், சத்தத்தைப் பெருக்கும் எந்தக் கருவியாலும் அந்தக் காதுக்குப் பயன் இல்லை. பழக்கத்தால் மாறக்கூடிய விஷயம் அல்ல இது.

இரண்டு ஆடியோகிராம்களையும் பில்லையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, நீங்களே வாதிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கும் ஒரு காதுதான். பைக் ஓட்டும்போது ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கிராஸ் கருவி போட்டால் ‘360 டிகிரியும் கேட்கும்’ என்கிறார்களே? – வாசகர், ஈரோடு

கேட்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாது.

வலப்பக்கம் அடிக்கும் ஹாரன் வலது காதை முதலில் எட்டும். இடது காதை எட்ட அதிகபட்சம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாக ஆகும். தலை குறுக்கே நிற்பதால் அந்தப் பக்கம் சத்தமும் குறையும். இந்த இரண்டு வேறுபாடுகளை ஒப்பிட்டுத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. கிராஸ் என்பது கேட்காத காதின் மேல் வைக்கும் மைக், நல்ல காதில் வைக்கும் ரிசீவர் ஆகிய இரண்டு துண்டுகள். எல்லாச் சத்தமும் கடைசியில் ஒரே காதில் போய்ச் சேர்வதால் ஒப்பிட ஒன்றும் இல்லை. எலும்பு வழி அதிர்வைக் கடத்தும் கருவிக்கும் இதே எல்லைதான். கேட்காத பக்கம் உட்கார்ந்து பேசுபவரின் பேச்சைத் தவறவிடாமல் இருக்க வேண்டுமானால் கிராஸ் வாங்கலாம். ஹாரனுக்காக வாங்காதீர்கள், இரு பக்கமும் கண்ணாடி மாட்டுங்கள்.

ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கினேன். எனக்கு ஒரு காது கேட்காது. பரிசோதனை எதுவும் செய்யவில்லை. பெட்டியையும் பில்லையும் எறிந்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகர், சேலம்

கிடைப்பது கடினம். உங்கள் காதில் என்ன கோளாறு என்றே தெரியாமல் அதற்கு ஒரு பொருளை எப்படி வாங்கினீர்கள்? ஆன்லைன் கணக்கில் பில் இன்னும் இருக்கும். திருப்பியனுப்பும் கெடு முடியாமல் இருந்தால் இன்றே அனுப்புங்கள். இனி பரிசோதிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

நேற்றுக் காலை எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டது, ஒரே ரீங்காரம். எந்த கம்பெனி கருவி நல்லது? – வாசகர், கோவை

எதையும் வாங்காதீர்கள். இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரென நரம்பு சார்ந்து கேட்கும் திறன் போயிருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதுதான் பலன் தரும். வெறும் அழுக்கு என்று தெரிந்தால் நிம்மதி. இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

என் மாமியாருக்கு ஒரு காது போய்விட்டது. கிராஸ் கருவிக்கு 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, திருச்சி

முன்பணம் கொடுக்காமல் ஒரு வாரம் வீட்டுக்குத் தரச் சொல்லுங்கள். கடையின் அமைதியான அறையில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் வேலை செய்யும். வீட்டில் கேட்காத பக்கம் ஒருவர் உட்கார்ந்து மெதுவாகப் பேசட்டும். அது உதவுகிறதா பாருங்கள். பிறகு அதே பக்கம் மிக்ஸியை ஓடவிட்டு, நல்ல காதுப் பக்கம் நீங்கள் பேசுங்கள். இப்போது கிராஸ் மிக்ஸியின் இரைச்சலை நல்ல காதுக்குள் கொட்டி உங்கள் பேச்சை மறைக்கும். இது பழுதல்ல, அந்த மைக்கின் இயல்பே அது. ஆகவே மாமியாரால் தாமாகவே மைக்கை அணைத்துப் போட முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல காதில் என்ன மாட்டுகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். என் அம்மாவுக்கு நான் வாங்கிய கருவியில், நன்றாகக் கேட்கும் காதை முழுக்க அடைக்கும் முனையைக் கடைக்காரர் பொருத்திக் கொடுத்துவிட்டார். இருந்த ஒரு காதும் பஞ்சு வைத்தது போலாகி, அம்மா அதைக் கழற்றி வைத்தவர் பிறகு தொடவில்லை. துளைகள் உள்ள திறந்த முனைதான் அங்கே வேண்டும் என்று அந்தக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நல்ல காதிலும் குறை இருந்தால் வேறு கதை. அதற்கும் சேர்த்துப் பெருக்கும் பைகிராஸ் வகை வேண்டும்.

மூன்று வயது மகனுக்குப் பிறவியிலேயே ஒரு காது கேட்காது. காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தால் இரண்டு காதும் சரியாகுமா? – வாசகர், நாகர்கோவில்

காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது அறுவைச் சிகிச்சையில் உள்காதுக்குள் வைத்து, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டும் கருவி. கேட்காத காதுக்கு உண்மையிலேயே ஒலியைத் திருப்பித் தரக்கூடியது இது ஒன்றுதான். திசையறியும் திறனும் ஓரளவு வரலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒற்றைக் காது இழப்புக்கு இதை 2019இல் அனுமதித்தது. அப்போது ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

ஆனால் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன் எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று கேளுங்கள். பிறவியிலேயே ஒரு காது கேட்காத குழந்தைகளில் பலருக்கு அந்தப் பக்கக் கேட்கும் நரம்பே மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். நரம்பு இல்லாத இடத்தில் இம்ப்ளான்ட் எதையும் கடத்தாது. நரம்பு இருந்தால் காலம் முக்கியம். ஆண்டுக்கணக்கில் ஒலியே எட்டாத பக்கத்தை மூளை பிறகு ஏற்க மறுக்கும். அறுவைக்குப் பிறகு பல மாதப் பயிற்சி உண்டு. வெளியில் மாட்டும் பகுதிக்கான உதிரிபாகச் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள். அதுவரை வகுப்பில் நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காரவைக்கச் சொல்லுங்கள்.