கடை ஊழியர்கள் எக்செலில் தினசரி விற்பனையைப் பதிய என்ன குறிப்பு தரலாம்?

"கோப்பு தயார். ஊழியர்கள் தினசரி விற்பனையைத் தப்பில்லாமல் பதிய என்ன எழுதி வைக்கலாம்?"

தொகைக் கட்டத்தில் எண் மட்டும்தான் வர வேண்டும், இதை முதலில் எழுதுங்கள். 450, 300 என்று பதிந்துவிட்டு மூன்றாவதாக "250 பாக்கி" என்று அடித்தால், எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். `=SUM(D2:D40)` அதை விட்டுவிட்டு 750 என்றே காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால்தான் இது ஆபத்து. சீரமைப்பை யாரும் மாற்றாதவரை எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடப்பக்கம் போய்விடும்; அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பாக்கி விவரத்தைப் பக்கத்தில் ஒரு குறிப்பு நெடுவரிசையில் எழுதட்டும்.

அப்புறம், மொத்தக் கட்டத்தில் கை வைக்கவே கூடாது. அங்கே 1000 என்று அடித்தால் சூத்திரம் அழிந்துவிடும்; அதன்பின் எத்தனை விற்பனை சேர்த்தாலும் 1000 அசையாது. தவறி அடித்தால் உடனே `Ctrl+Z`.