தம்பி பெயரில் பில், என் கையில் போன்: வாரன்டி கேட்க முடியுமா?

கேள்வி: பத்து மாதத்துக்கு முன் தம்பியின் கணக்கிலிருந்து ஆன்லைனில் 23,600 ரூபாய்க்குப் போன் வாங்கினேன். இப்போது சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் ஒரு வருட வாரன்டி முடிந்துவிட்டது என்கிறார்கள். என்னிடம் ஆர்டர் எஸ்.எம்.எஸ். மட்டும்தான் உள்ளது. சரிசெய்ததும் விற்கவும் எண்ணம். என்ன செய்வது?

பதில்: வாங்கிய தேதி பதிவாகாத போனுக்கு, அது கம்பெனியை விட்டுக் கிளம்பிய நாளை வைத்து அவர்களின் கணினி வாரன்டியைக் கணக்கிட்டிருக்கலாம். விற்பனையாளரின் கிடங்கில் அது சில மாதங்கள் கிடந்திருந்தால் அந்த நாட்கள் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். இதைத் திருத்த வைப்பது பில் தேதிதான். எஸ்.எம்.எஸ். போதாது.

தம்பியின் கணக்கில் அந்த ஆர்டரைத் திறந்து, விற்பனையாளர் கொடுத்த வரி பில்லை பி.டி.எஃப். ஆக இறக்கச் சொல்லுங்கள். ஆர்டர் விவரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் பில் ஆகாது. பில்லில் விற்பனையாளரின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, 20,000 ரூபாய் விலை, 18 சதவீத வரி 3,600 ரூபாய் ஆகியவை தனித்தனியாக இருக்கும்.

அடுத்துப் போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் இருக்கும். பில்லில் அந்த எண் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா விற்பனையாளரும் அதை அச்சிடுவதில்லை; இல்லாவிட்டால் பெட்டியின் ஒட்டுச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வாரன்டி பொதுவாகப் போனைச் சேர்ந்தது என்பதால் பில் தம்பி பெயரில் இருப்பது பெரும்பாலும் தடையாகாது. பில்லைக் காட்டியும் மறுத்தால், மறுப்பை சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டான ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். சார்ஜ் துளையில் ஈரமோ வளைவோ இருந்தால் மட்டும் பில் உதவாது. அதைப் பயன்பாட்டில் வந்த சேதம் என்று வாரன்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பழுதுபார்ப்பில் மதர்போர்டை மாற்றினால் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் மாறக்கூடும். பிறகு பில்லில் ஒரு எண், போனில் வேறு எண். வாங்க வருபவர் திருட்டுப் போன் என்று சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதிய ஜாப் ஷீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். திரும்ப அனுப்பி மாற்றுப் போன் வாங்கினாலும் இதே சிக்கல்தான். புதிய போனுக்கான பில்லை மீண்டும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

விற்கும்போது விளம்பரத்தில் பில் படத்தைப் போடாதீர்கள். நேரில் வருபவருக்குக் காட்டுங்கள். நகல் கொடுக்கும்போது வீட்டு முகவரியையும் கைபேசி எண்ணையும் மறைத்துவிட்டு, பில் எண், தேதி, ஐ.எம்.இ.ஐ. மூன்றையும் தெரியும்படி விடுங்கள். KYM என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், எண் முடக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம். போனில் உங்கள் கூகுள் கணக்கை நீக்கிய பிறகே ரீசெட் செய்யுங்கள். கடைசியாக, ஐ.எம்.இ.ஐ., தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அசல் பில்லில் இருப்பது தம்பியின் பெயர்; நாளை அந்தப் போனால் ஏதாவது விசாரணை வந்தால் முதலில் தேடப்படுபவர் அவர்தான்.