12, 15, 18 கூட்டினால் 46 எப்படி வருகிறது?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்: கொழுந்து நிறுத்த கணக்கை எக்செலில் போடுகிறேன். மூன்று பேரின் நிறை 12, 15, 18 கிலோ. கூட்டுத்தொகை 46 என்று காட்டுகிறது. கொழுந்து கொடுத்தவர்கள் என்னோடு வாக்குவாதப்படுகிறார்கள். எக்செல் பிழை விடுகிறதா?

கூட்டலில் பிழையில்லை. 12 என்று தெரியும் கட்டத்தைச் சொடுக்கி, மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே 12.4 இருக்கும். மற்றவை 15.4, 18.4 என்று வைத்துக்கொள்வோம். சரியான கூட்டுத்தொகை 46.2, தசமம் இல்லாமல் காட்டும்போது அது 46 ஆகிறது. தசம தானத்தைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் மாறும், உள்ளே உள்ள எண் அப்படியே இருக்கும், கூட்டலும் அதை வைத்தே நடக்கும். தராசு காட்டியபடி ஒரு தசமத்தோடு அச்சிட்டுக் கொடுங்கள், வாக்குவாதம் நின்றுவிடும்.

பண்டாரவளையிலிருந்து: Set precision as displayed என்பதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அது File > Options > Advanced-இல், When calculating this workbook என்ற பகுதியில் இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால், நீங்கள் தட்டி வைத்த எண்களே திரையில் தெரியும் எண்களாக மாறிவிடும். மேலே சொன்ன 12.4, உண்மையிலேயே 12 ஆகிவிடும். ஒருவர் முதுகில் சுமந்து வந்த 400 கிராம் கொழுந்து கணக்கிலிருந்தே போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தெரிவு ஒரு தாளோடு நிற்காது, கோப்பு முழுவதற்கும் பொருந்தும். ஈரக் கொழுந்துக்கு நீர்க்கழிவு 2.5% என்று வேறொரு தாளில் போட்டு வைத்திருக்கிறீர்கள், கட்டம் தசமம் இல்லாமல் 3% என்று காட்டுகிறது என்றால், இனி அது 3%தான். 400 கிலோவுக்கு 10 கிலோ கழிக்க வேண்டிய இடத்தில் 12 கிலோ கழியும். அந்தக் கட்டத்தில் பார்வைக்கு எதுவுமே மாறியிருக்காது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. General வடிவில் உள்ள கட்டங்கள் மட்டும் இதற்குத் தப்பும்.

காசுக் கணக்கை முழு ரூபாயில் முடிக்க வேண்டுமென்றால், அந்த நிரலில் மட்டும் ROUND போடுங்கள். B-இல் கிலோ, C-இல் கிலோவுக்கான விலை என்றால்:

```
=ROUND(B2*C2,0)
```

அப்புறம் இந்த நிரலை SUM செய்தால், துண்டில் அச்சாகும் தொகைகளும் மொத்தமும் ஒத்துப்போகும். நிறையில் கை வைக்கவே தேவையில்லை. மொத்தக் கிலோவை விலையால் பெருக்கிப் பார்த்தால் ஓரிரு ரூபாய் வித்தியாசம் வரலாம். அது இயல்புதான், துண்டில் உள்ளதையே கொடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: ஏற்கெனவே போட்டுவிட்டேன். தெரிவை எடுத்துவிட்டால் பழைய எண்கள் வருமா?

வராது. சூத்திரங்கள் அழியவில்லை, ஆனால் நீங்கள் தட்டிய எண்களில் போன தசமம் போனதுதான். முதலில் தெரிவை எடுத்துவிடுங்கள். பிறகு பழைய பிரதி இருந்தால் அதிலிருந்தும், இல்லையென்றால் தராசடியில் எழுதிய கொப்பியைப் பார்த்தும் நிறைகளைத் திரும்பத் தட்டுங்கள். கழிவு வீதம் உள்ள கட்டத்தை மறந்துவிடாதீர்கள்.